காப்பிட்ட நீராவிக் குழாயின் வெப்ப இழப்பு: ஒரே வினாவிற்கு நான்கு விடைகள் வருவது ஏன்?

இறுதியாண்டு_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெப்பப் பரிமாற்றத் தாளுக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து படித்து வருகிறோம். ஒரே கணக்கை நால்வரும் தனித்தனியே போட்டுப் பார்த்ததில் நான்கு வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. வினா இதுதான்.

உள்விட்டம் 50 மி.மீ., வெளிவிட்டம் 60 மி.மீ. கொண்ட எஃகுக் குழாயில் 150 °C நீராவி செல்கிறது. எஃகின் வெப்பக் கடத்துதிறன் 45 W/m·K. குழாயின் மேல் 40 மி.மீ. தடிமனுக்குக் கண்ணாடிக் கம்பளிக் காப்பு சுற்றப்பட்டுள்ளது. அதன் கடத்துதிறன் 0.05 W/m·K. உட்பக்க வெப்பப் பரிமாற்றக் கெழு 5000 W/m²·K, வெளிப்பக்கக் கெழு 10 W/m²·K, சுற்றுக்காற்று 30 °C. ஒரு மீட்டர் நீளத்திற்கு வெப்ப இழப்பையும் காப்பின் வெளிப்பரப்பு வெப்பநிலையையும் கண்டறிக. காப்பு இல்லாவிட்டால், உமிழ்திறன் 0.8 எனக் கொண்டு, கதிர்வீச்சினால் மட்டும் ஏற்படும் இழப்பையும் கண்டறிக.

முதற்பகுதிக்கு எனக்கு 44.5 W/m வந்தது. மற்ற மூவருக்கும் முறையே 41.0, 85.7, 134 என வந்துள்ளன. இரண்டாம் பகுதிக்கு எனக்கு 4.3 W/m வந்தது. நால்வரும் ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்தினோம். தவறு எங்கே நேர்ந்திருக்கிறது என்பதையும், விடைப்பட்டியல் கையில் இல்லாத தேர்வறையில் அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

கணக்குச்சீடன் எழுதியது:

இதற்கு எளிய வழி ஒன்றுதான். கணக்கைத் தொடங்கும் முன்பே எல்லா நீளங்களையும் மீட்டருக்கும், எல்லா வெப்பநிலைகளையும் கெல்வினுக்கும் மாற்றிவிடுங்கள். நீளத்தில் மி.மீ. கலந்துவிட்டதால்தான் 44.5 வந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். வெப்பநிலை வேறுபாடு 120 °C என்பதை 393 K என்று மாற்றிக்கொண்டு, மொத்த வெப்பத்தடை 2.926 ஆல் வகுத்தால் 134 W/m கிடைக்கிறது. ஆகவே 134 என்று போட்ட தோழியே சரி.

---

காப்புப்பணி எழுதியது:

நண்பர் கணக்குச்சீடன் கூறியதில் நீளத்தைப் பற்றிய பகுதி முற்றிலும் சரி. வெப்பநிலையைப் பற்றிய பகுதி சரியன்று. 150 °C என்பது 423 K, 30 °C என்பது 303 K. இவற்றைக் கழித்தாலும் 120 தான் வரும். கெல்வினுக்கு மாற்ற வேண்டியது வெப்பநிலையைத்தான்; வேறுபாட்டோடு 273 ஐக் கூட்டக் கூடாது. வேறுபாட்டைப் பொறுத்தவரை ஒரு பாகை செல்சியசும் ஒரு கெல்வினும் ஒரே அளவுதான்.

134 தவறு என்பதை அந்த விடையைக் கொண்டே காட்டலாம். காப்பின் வெப்பத்தடை 2.697 m·K/W. அதன் வழியே 134 W/m பாய்கிறது என்றால், காப்புக்குள் மட்டும் 134 × 2.697, அதாவது ஏறத்தாழ 361 பாகை வெப்பநிலை இறங்க வேண்டும். நீராவிக்கும் காற்றுக்கும் இடையில் இருப்பதோ மொத்தமே 120 பாகை.

முழுக் கணக்கையும் இங்கே தருகிறேன். ஆரங்கள் 0.025, 0.030, 0.070 மீட்டர். எல்லாத் தடைகளும் ஒரு மீட்டர் நீளத்திற்கானவை.

```
R_உள்     = 1/(5000 × 2π × 0.025)     = 0.0013
R_எஃகு    = ln(30/25)/(2π × 45)       = 0.0006
R_காப்பு   = ln(70/30)/(2π × 0.05)     = 2.697
R_வெளி   = 1/(10 × 2π × 0.070)       = 0.227
மொத்தம்                              = 2.926 m·K/W
q = 120 / 2.926                      = 41.0 W/m
T_பரப்பு = 30 + 41.0 × 0.227          = 39.3 °C
```

இனி மாணவிக்கு வந்த 44.5 ஐப் பார்ப்போம். நான்கு விடைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் பார்வைக்கு இது தவறாகவே தெரியாது. மடக்கைக்குள் 70/30 என்று மி.மீ. போட்டாலும் விகிதம் மாறாது. அங்கே அலகு தானாகவே அடிபட்டுவிடுகிறது. அந்தப் பழக்கத்திலேயே அடுத்த வரியில் 2π × 70 என்று எழுதிவிட்டால், வெளித்தடை 0.227 க்குப் பதிலாக 0.000227 ஆகிவிடும். ஆயிரம் மடங்கு பிழை நேர்ந்தும் விடையில் தெரிவது எட்டரை விழுக்காடு வித்தியாசம் மட்டுமே. காப்பின் தடை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியதாக இருப்பதால் அது இந்தப் பிழையை மறைத்துவிடுகிறது. ஒரு பிழை எவ்வளவு பெரியது என்பதை விடையின் மாற்றத்தைக் கொண்டு அளவிட முடியாத இடம் இது.

கண்டுகொள்ளும் வழி வெளிப்பரப்பு வெப்பநிலையில் இருக்கிறது. 44.5 × 0.000227 என்பது 0.01 பாகை, அதாவது பரப்பு 30.01 °C இல் இருக்கிறது என்று உங்கள் கணக்கு சொல்கிறது. அந்தப் பரப்பிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்பதை மீட்டர் அலகில் தனியே கணக்கிடுங்கள்: கெழு 10, ஒரு மீட்டர் நீளத்தின் பரப்பு 0.44 m², வேறுபாடு 0.01. கிடைப்பது 0.044 W. உள்ளிருந்து 44.5 வருகிறது, வெளியே 0.044 தான் போகிறது என்றால் நிலைத்த நிலை என்ற எடுகோளே உடைந்துவிடுகிறது. வினா பரப்பு வெப்பநிலையைக் கேட்காவிட்டாலும் அதைக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

---

கணக்குச்சீடன் எழுதியது:

வேறுபாட்டைப் பற்றிய விளக்கம் புரிந்தது, ஐயா. காப்பில் 361 பாகை இறங்க வேண்டும் என்று காட்டியபின் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே சோதனையை 85.7 என்ற விடைக்கும் செய்து பார்த்தேன், அது தேறிவிடுகிறதே? அந்தத் தோழியின் காப்புத் தடை 1.171 என்று இருந்திருக்க வேண்டும். 85.7 × 1.171 என்பது ஏறத்தாழ 100 பாகை, வெளித்தடையில் 19.5 பாகை, இரண்டையும் கூட்டினால் 120 க்கு அருகில் வந்துவிடுகிறது.

---

காப்புப்பணி எழுதியது:

நல்ல கேள்வி. தடையே தவறாக இருந்து, அதன்பின் எல்லாம் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால், வெப்பநிலை இறக்கங்களின் கூட்டல் எப்போதும் சரியாகவே வரும். அந்தச் சோதனையால் பிடிக்க முடியாத பிழை இது.

0.847 வர வேண்டிய இடத்தில் 0.368 வந்திருக்கிறது. கணிப்பானில் `ln` பொத்தானுக்குப் பதிலாக `log` பொத்தானை அழுத்தியதன் விளைவு. பத்தடி மடக்கை இயல் மடக்கையை விட 2.303 மடங்கு சிறியது. உருளைச் சூத்திரத்தில் வருவது இயல் மடக்கை மட்டுமே, ஏனென்றால் ஆரம் கூடக் கூடப் பரப்பும் கூடுவதால் dr/r என்பதைத் தொகையிடும்போது பிறப்பது அது.

இதைப் பிடிக்க வேறொரு சோதனை உண்டு. காப்பைச் சமதளச் சுவர் போலப் பாவித்து, தடிமனைக் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்து, இருமுறை கணக்கிடுங்கள். உட்பரப்பை, அதாவது 0.1885 m² ஐப் போட்டால் 4.24 வரும். வெளிப்பரப்பு 0.4398 m² ஐப் போட்டால் 1.82 வரும். வெப்பம் சிறிய பரப்பில் நுழைந்து பெரிய பரப்பில் வெளியேறுவதால், உண்மையான தடை இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தே தீர வேண்டும். 2.697 இருக்கிறது, 1.171 கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்டது. சராசரி ஆரம் 50 மி.மீ. கொண்டு போட்டால் 2.55 வரும், சரியான விடைக்கு ஆறு விழுக்காட்டுக்குள். அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. மடக்கைப் பிழை இதில் தப்பவே முடியாது.

---

மின்கம்பி எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. காப்பின் ஆரம் மாறுநிலை ஆரத்தை எட்டும் வரை காப்பு வெப்ப இழப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மாறுநிலை ஆரம் k/h. இங்கே 45 ஐ 10 ஆல் வகுத்தால் 4.5 மீட்டர் வருகிறது. இந்தக் குழாயின் வெளி ஆரமோ 7 செ.மீ. ஆகவே இந்தக் காப்பு பயனற்றது, வினாவே பிழையானது என்று கருதுகிறேன். என் பணியில் மெல்லிய செப்புக் கம்பிகளுக்கு நெகிழி உறை இடும்போது கம்பி முன்னைவிடக் குளிர்ச்சியாக ஓடுவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

---

காப்புப்பணி எழுதியது:

கம்பியைப் பற்றி நீங்கள் கூறுவது உண்மையே. நெகிழி உறையின் கடத்துதிறன் 0.17 W/m·K, வெளிக்கெழு 10 என்று கொண்டால் மாறுநிலை ஆரம் 17 மி.மீ. ஒரு மி.மீ. ஆரமுள்ள கம்பி அதற்கு வெகு கீழே இருப்பதால், உறை இட இட வெளிப்பரப்பு விரிந்து வெப்பம் எளிதாக வெளியேறுகிறது.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் வரும் k காப்புப் பொருளுடையது. குழாய் உலோகத்துடையது அன்று. கண்ணாடிக் கம்பளிக்கு 0.05/10 என்று போட்டால் 0.005 மீட்டர், அதாவது 5 மி.மீ. இந்தக் குழாயின் வெறும் வெளி ஆரமே 30 மி.மீ. என்பதால் மாறுநிலையை அது எப்போதோ கடந்துவிட்டது. முதல் மில்லிமீட்டர் காப்பிலிருந்தே இழப்பு குறையத் தொடங்கும். வினா சரியானதே.

---

விடைத்தாள் எழுதியது:

பல ஆண்டுகளாக இந்தத் தாளைத் திருத்தி வருபவன் என்ற முறையில் இரண்டாம் பகுதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. மாணவிக்கு 4.3 வந்ததற்குக் காரணம், நான்காம் அடுக்கிற்குள் 150 என்றும் 30 என்றும் செல்சியசிலேயே போட்டதுதான். சரியான கணக்கு இது.

```
q = ε σ A (T1⁴ − T2⁴)
  = 0.8 × 5.67×10⁻⁸ × 0.1885 × (423⁴ − 303⁴)
  = 202 W/m
```

விடை நாற்பத்தேழு மடங்கு மாறிவிட்டது. கடத்தலிலும் சலனத்திலும் வேறுபாடு மட்டுமே வருவதால் செல்சியஸ் தீங்கு செய்யாமல் போய்விடுகிறது. அங்கே பழகிய கை இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறது. சிலர் கெல்வினுக்கு மாற்றினாலும் முதலில் கழித்துவிட்டு 120 ஐ நான்காம் அடுக்கிற்கு உயர்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் 1.8 W/m என்ற இன்னும் சிறிய எண் வரும்.

இதைப் பிடிக்கும் சோதனையும் எளிது. கதிர்வீச்சு இழப்பைப் பரப்பாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுத்து, அதற்கு ஈடான ஒரு கெழுவைக் கண்டறியுங்கள். 202 ஐ 0.1885 ஆலும் 120 ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 8.9 W/m²·K வரும். நிறைய உமிழும் பரப்பு அறை வெப்பநிலையை ஒட்டி இருந்தாலே இந்த எண் 5 அல்லது 6 ஆக இருக்கும். வெப்பநிலை ஏற ஏற அதுவும் ஏறும். 4.3 W/m என்ற விடைக்கு இதே எண் 0.19 வருகிறது. 0.8 உமிழ்திறன் உள்ள பரப்புக்கு அது நடக்கவே நடக்காது.

விடைத்தாளில் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன். இந்தச் சூத்திரம், குழாய் தன்னைவிட மிகப் பெரிய சூழலுக்குள் இருக்கிறது, சூழலின் பரப்புகள் எல்லாம் காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன என்ற இரண்டு எடுகோள்களின் மேல் நிற்கிறது. அருகருகே இணையாக நிற்கும் இரண்டு தகடுகளுக்கு இதை அப்படியே எழுத முடியாது. அங்கே இரண்டு பரப்புகளின் உமிழ்திறனும் சேர்ந்து வர வேண்டும். எடுகோளை ஒரு வரியில் எழுதிவிட்டுச் சூத்திரத்தைத் தொடங்கும் மாணவர் தவறான சூத்திரத்தை எடுப்பது அரிது.

---

இறுதியாண்டு_மாணவி எழுதியது:

மிக்க நன்றி. மூன்று தவறுகளும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. என் விடைத்தாளை மீண்டும் பார்த்தேன். வெளித்தடை வரியில் 2π × 70 என்றுதான் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. முதலாவது, எங்கள் துறை நூலகத்தில் உள்ள பழைய அட்டவணையில் கண்ணாடிக் கம்பளியின் கடத்துதிறன் 0.043 என்று அச்சிடப்பட்டுள்ளது. அது வேறு வகைக் கம்பளியா? இரண்டாவது, முதற்பகுதியில் காப்பின் வெளிப்பரப்பிலிருந்தும் கதிர்வீச்சு இருக்குமே. அதைத் தனியே கணக்கிட்டு 41.0 உடன் கூட்ட வேண்டாமா?

---

காப்புப்பணி எழுதியது:

அட்டவணைப் பத்தியின் தலைப்பைப் பாருங்கள்; kcal/(h·m·°C) என்று இருக்கும் என நம்புகிறேன். ஒரு மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது 1.163 வாட். 0.043 ஐ 1.163 ஆல் பெருக்கினால் 0.050 வந்துவிடுகிறது, அதே கம்பளிதான். மாற்றாமல் கலந்துவிட்டால் 35.7 W/m என்ற விடை வரும், அதுவும் பார்வைக்கு நம்பத்தக்கதாகவே இருக்கும். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுக்கும்போது எந்தச் சோதனையும் காப்பாற்றாது. வரிக்கு வரி அலகையும் சேர்த்து எழுதுவது ஒன்றே வழி.

இரண்டாம் ஐயம் ஆழமானது. கூட்டக் கூடாது என்பது என் கருத்து. வெளிக்கெழு 10 என்று கொடுக்கப்பட்டிருப்பதில் கதிர்வீச்சும் அடங்கியிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டுப் பாருங்கள். கிடைமட்டக் குழாயைச் சுற்றி இயல்பாக எழும் காற்றோட்டத்திற்கு 1.32 × (ΔT/D)^0.25 என்ற எளிய சூத்திரம் உண்டு, ΔT 9.3, D 0.14 மீட்டர் எனப் போட்டால் 3.8 வரும். உமிழ்திறன் 0.9 உள்ள துணி உறைக்கு, 39 °C பரப்பும் 30 °C சூழலும் இருக்கையில், கதிர்வீச்சுக் கெழு ஏறத்தாழ 6.0. இரண்டும் சேர்ந்து 9.8. வினாவை அமைத்தவர் இதைத்தான் 10 என்று முழுமைப்படுத்தியிருக்கிறார். மேலும் கூட்டினால் கதிர்வீச்சை இருமுறை எண்ணியதாகும். அந்தச் சூத்திரத்திற்கும் அலகு உண்டு என்பதை மறவாதீர்கள்: விட்டத்தை மீட்டரில்தான் போட வேண்டும், 1.32 என்ற எண்ணுக்குள் காற்றின் பண்புகள் ஒளிந்திருக்கின்றன. வேறு வாயுவுக்கோ விசிறி வீசும் இடத்திற்கோ அது பொருந்தாது.

---

விடைத்தாள் எழுதியது:

இங்கே நான் ஓரளவு மாறுபடுகிறேன். களத்தில் நீங்கள் கூறுவது சரி. ஆனால் வினாவில் சலனக் கெழு 10 என்றும் உமிழ்திறன் 0.9 என்றும் தனித்தனியே கொடுத்திருந்தால், மாணவர் இரண்டையும் கூட்டியே ஆக வேண்டும். இந்த வினாவில் முதற்பகுதிக்கு உமிழ்திறன் கொடுக்கப்படவில்லை, 0.8 என்பது காப்பற்ற எஃகுக்கானது. ஆகவே கூட்டாமல் விடுவது சரி, ஆனால் அதற்குக் காரணம் கொடுக்கப்பட்ட தரவே தவிர 10 என்ற எண்ணின் அளவு அன்று. சலனத்திற்கு மட்டுமே 10 வருவதற்கு மெல்லிய காற்று வீசினாலே போதுமானது.

---

மின்கம்பி எழுதியது:

மாறுநிலை ஆரத்தில் எந்தப் பொருளின் k என்பது தெளிவாயிற்று, நன்றி. இன்னொன்று கேட்கிறேன். காப்பின் மேல் பளபளப்பான அலுமினியத் தகடு போர்த்திய குழாய்களைத் தொட்டால், துணி போர்த்தியவற்றை விடச் சூடாக இருக்கின்றன. அப்படியானால் அலுமினியம் போர்த்தினால் வெப்பம் அதிகமாக இழக்கப்படுகிறது என்றுதானே பொருள்?

---

காப்புப்பணி எழுதியது:

பொருள் அதற்கு நேர் எதிரானது. அலுமினியத்தின் உமிழ்திறனை 0.1 என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சுக் கெழு 6.0 இலிருந்து 0.7 ஆகச் சரிந்துவிடும். வெளியேறும் வழி குறுகியதால் பரப்பு சூடேறும். சூடேறுவதால் காற்றோட்டம் சற்று வலுத்துச் சலனக் கெழு 4.4 ஆகும். இரண்டும் சேர்ந்து 5.1. வெளித்தடை 0.227 இலிருந்து 0.449 ஆக உயர்கிறது. மொத்தத் தடை 3.148; இழப்பு 38.1 W/m, பரப்பு வெப்பநிலை 47 °C.

அதாவது இழப்பு மூன்று வாட் குறைந்து, பரப்பு எட்டுப் பாகை கூடச் சூடாக இருக்கிறது. பரப்பின் சூடு இழப்பின் அளவைக் காட்டாது. வெளியேறும் வெப்பத்தையும் வெளித்தடையையும் பெருக்கி வருவதையே காட்டும். மனிதர் தொடக்கூடிய இடத்தில் பரப்பு வெப்பநிலைக்கு வரம்பு வைத்தால், பளபளப்பான உறைக்குக் கூடுதல் தடிமன் காப்பு தேவைப்படுவது இதனால்தான்.

---

கணக்குச்சீடன் எழுதியது:

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கண்ணாடிக் கம்பளியின் கடத்துதிறன் வெப்பநிலையோடு ஏறும் என்று படித்திருக்கிறேன். காப்பின் உட்பக்கம் 150 °C, வெளிப்பக்கம் 39 °C. எந்த வெப்பநிலைக்கான k ஐ எடுப்பது? அறை வெப்பநிலைக்கான மதிப்பு 0.04 ஆக இருந்து அதைப் போட்டால் விடை 33.3 ஆகிவிடுகிறதே.

---

காப்புப்பணி எழுதியது:

இருபக்கங்களின் சராசரி வெப்பநிலைக்கான மதிப்பை எடுக்க வேண்டும். இங்கே ஏறத்தாழ 95 °C. கடத்துதிறன் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதாக இருந்தால், சராசரி வெப்பநிலையில் எடுத்த ஒரே மதிப்பு, தொகையிட்டுக் கண்ட விடையையே துல்லியமாகத் தந்துவிடும். இது தோராயம் அன்று. ஏற்றம் வளைகோடாக இருந்தால் சிறு வேறுபாடு வரும். முதலில் ஒரு பரப்பு வெப்பநிலையை ஊகித்து, k ஐ எடுத்து, கணக்கிட்டு, மீண்டும் சரிபார்க்க வேண்டும்; பெரும்பாலும் இரண்டாம் சுற்றிலேயே எண்கள் நின்றுவிடும்.

---

விடைத்தாள் எழுதியது:

தேர்வில் ஒரே k கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்தி, மாறாதது எனக் கொண்டதாக எழுதினால் முழு மதிப்பெண் உண்டு. வெளிக்கெழு 10 இல் கதிர்வீச்சு அடங்குமா என்பதில் மட்டும் நான் என் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. வினா அமைப்பவர் “ஒருங்கிணைந்த கெழு” என்ற சொல்லை எழுதாதவரை, மாணவர் தாம் எப்படிக் கொண்டார் என்பதை விடையில் குறிப்பிட்டாக வேண்டும்.

---

இறுதியாண்டு_மாணவி எழுதியது:

மீண்டும் முழுவதும் போட்டுப் பார்த்தேன்: 41.0 W/m, 39.3 °C, காப்பில்லாக் குழாய்க்குக் கதிர்வீச்சு 202 W/m. அதே சலனச் சூத்திரத்தைக் காப்பில்லாக் குழாய்க்கும் பயன்படுத்தியதில் கெழு 8.8, இழப்பு 200 W/m என வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 400. காப்பு அதைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடுகிறது. ஆனால் காப்பில்லாத நிலையிலும் வெளிக்கெழு 10 தான் என்று வினாவில் எடுத்துக்கொண்டால் 226 தான் வருகிறது. வெளிக்கெழு பரப்பின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், ஒரே எண்ணை இரண்டு நிலைகளுக்கும் எடுப்பது பொருந்தாது என்று எழுதினால் தேர்வில் ஏற்பார்களா?

---

விடைத்தாள் எழுதியது:

நான் ஏற்பேன்; எல்லாத் திருத்துநரும் ஏற்பர் என்று உறுதி கூற இயலாது. கொடுக்கப்பட்ட 10 ஐக் கொண்டு 226 ஐ விடையாக எழுதிவிட்டு, அதன் கீழே இந்தக் குறிப்பையும் 400 ஐயும் சேர்த்து எழுதுங்கள்.